திறந்த கணக்கு மீண்டும் மீண்டும் பூட்டிக்கொண்டது: ஒரு நிகழ்வு ஆய்வு

## பின்னணி

கணினி, கைபேசி தொடர்பான சிக்கல்களில் எழுத்து வழியாக உதவும் சிறிய தன்னார்வக் குழு ஒன்றில் நான் இருக்கிறேன். யாருடைய கருவியையும் நாங்கள் நேரில் தொடுவதில்லை. தொலைவிலிருந்து பிறர் திரையை இயக்குவதும் இல்லை. கேள்வி வரும், நாங்கள் பதில் எழுதுவோம், செய்ய வேண்டியதைக் கேட்டவரே செய்வார்.

இங்கே பதிவு செய்யும் நிகழ்வில் உதவி கேட்டவர் பணி ஓய்வுபெற்ற ஆசிரியை. ஒரு சிறு அறக்கட்டளையின் செயலாளராக இருக்கிறார். அவரையோ அறக்கட்டளையையோ அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை விட்டுவிட்டேன். கணக்கு எந்தச் சேவையில் இருந்தது என்பதையும் வேண்டுமென்றேதான் சொல்லவில்லை. பெயரைச் சொன்னால் அது அந்தச் சேவையின் குறையாகத் தோன்றும். இதே சிக்கல், கடவுச்சொல் கேட்கும் பல மின்னஞ்சல் சேவைகளிலும் வரக்கூடியது.

## வந்த கோரிக்கை

ஒரு மாலையில் வந்த முதல் செய்தி இது:

"வணக்கம் தம்பி. என் அக்கவுண்ட் லாக் ஆகிவிட்டது. நாளை மறுநாள் கூட்டத்துக்கான தாள்கள் எல்லாம் அதில்தான் இருக்கின்றன. பாஸ்வேர்டைச் சரியாகத்தான் போடுகிறேன். வேண்டுமானால் அதை அனுப்புகிறேன், நீங்களே போட்டுப் பாருங்கள்."

எந்தக் கணக்கு என்று இதில் இல்லை. மின்னஞ்சலா, வங்கியா, கைபேசியின் திரைப் பூட்டா என்பதுகூடத் தெரியவில்லை. பதற்றத்தில் எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் எழுதுவார்கள். அவர்கள் பயன்படுத்துவது அந்த ஒன்றைத்தான் என்பதால், எது என்று தனியாகச் சொல்ல வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றாது. அதே நேரத்தில், நாங்கள் கேட்காமலேயே கடவுச்சொல்லைத் தர முன்வந்திருந்தார். சேவையின் பெயர் இல்லை, ஆனால் சாவி தயாராக இருக்கிறது. இந்த இரண்டும் ஒரே செய்தியில் வருவதை நாங்கள் அடிக்கடி பார்க்கிறோம்.

## முதல் முடிவு: கடவுச்சொல் வேண்டாம்

கடவுச்சொல்லை அனுப்ப வேண்டாம், அது எங்களுக்கு எந்த வகையிலும் பயன்படாது என்று உடனே எழுதினோம். பாதுகாப்புக்கான விதி என்று சொன்னால் பலர் அதை ஒரு சம்பிரதாயமாக எடுத்துக்கொண்டு, "பரவாயில்லை, உங்களை நம்புகிறேன்" என்பார்கள். உண்மையான காரணம் நம்பிக்கையைச் சார்ந்தது அல்ல. பூட்டிய கணக்கின் கோளாறைக் கண்டுபிடிக்கக் கடவுச்சொல் உதவாது.

அதை வாங்கி எங்கள் கணினியில் போட்டுப் பார்த்திருந்தால் இரண்டில் ஒன்று நடந்திருக்கும். கடவுச்சொல் தவறு என்று வந்தால், ஏற்கெனவே தவறான முயற்சிகளை எண்ணிக்கொண்டிருக்கும் சேவை இன்னொன்றைச் சேர்த்திருக்கும், பூட்டு நீண்டிருக்கும். சரியாக இருந்தால், இதுவரை பார்த்திராத கருவியிலிருந்தும் இடத்திலிருந்தும் யாரோ நுழைகிறார் என்று கருதி, சேவை கூடுதல் சரிபார்ப்பைக் கேட்டிருக்கும் அல்லது கணக்கை இன்னும் இறுக்கமாக அடைத்திருக்கும். எது நடந்தாலும் பூட்டியது ஏன் என்ற கேள்வி அப்படியே நிற்கும்.

சேவையை நடத்துகிறவர்களுக்கே கடவுச்சொல் தேவைப்படுவதில்லை. முறையாகக் கட்டப்பட்ட சேவை கடவுச்சொல்லை அப்படியே சேமித்து வைக்காது. அதை ஒரு கணக்கீட்டின் வழியே செலுத்தி, திரும்பப் பெற முடியாத ஒரு நீண்ட குறியாக மாற்றி, அந்தக் குறியை மட்டுமே வைத்திருக்கும். நீங்கள் உள்ளே நுழையும்போது தட்டச்சு செய்வதையும் அதே கணக்கீட்டில் போட்டு இரண்டு குறிகளும் பொருந்துகின்றனவா என்று பார்க்கும். ஆகவே அங்கே பணிபுரிகிறவரால் உங்கள் கடவுச்சொல்லைப் பார்க்க முடியாது, பார்க்க வேண்டிய தேவையும் இல்லை. கணக்கு பூட்டியிருக்கிறதா, எப்போது பூட்டியது, எத்தனை முயற்சிகள் தவறின என்பவை அவர் திரையில் தனியே தெரியும். பூட்டைத் திறப்பதும், புதிய கடவுச்சொல் வைக்க வழிசெய்வதும் பழையதைத் தெரிந்துகொள்ளாமலேயே நடக்கும். இதனால்தான் உண்மையான உதவி மையம் எதுவும் அதைக் கேட்பதில்லை. 1990களிலேயே அமெரிக்க இணையச் சேவை நிறுவனமான ஏஓஎல், தன் ஊழியர் எவரும் கடவுச்சொல்லைக் கேட்கமாட்டார் என்ற வரியை உடனடிச் செய்திச் சாளரத்தில் போட வேண்டி வந்தது. ஊழியர்போல் நடித்துக் கடவுச்சொல் பறிப்பது அப்போதே அந்த அளவுக்குப் பரவியிருந்தது.

இன்னொரு காரணமும் உண்டு. எழுதுகிறவர்தான் கணக்கின் உரிமையாளரா என்பதை எங்களால் உறுதிசெய்ய முடியாது. பிறர் கணக்கில் நுழையப் பார்க்கிறவரும் இதே சொற்களில் உதவி கேட்கலாம். அதனால் உரிமையாளரின் சொந்தக் கருவியும் சொந்த எண்ணும் இருந்தால் மட்டுமே நடக்கக்கூடிய வழிகளைத்தான் சொல்லித் தருகிறோம். ஆளைச் சரிபார்க்கும் பொறுப்பு சேவையிடம் இருக்க வேண்டும்.

## கேட்ட மூன்று கேள்விகள்

கடவுச்சொல்லுக்குப் பதிலாக மூன்றைக் கேட்டோம்.

பூட்டியிருக்கிறது என்ற செய்தியை எங்கே பார்த்தார் என்பது முதல் கேள்வி. நாமே சேவையைத் திறந்து நுழைய முயன்றபோது வந்த செய்தி வேறு. "உங்கள் கணக்கு பூட்டப்பட்டது, இங்கே அழுத்துங்கள்" என்று மின்னஞ்சலிலோ குறுஞ்செய்தியிலோ வந்தது வேறு. இரண்டாவது வகையில் பெரும்பாலும் கணக்கு பூட்டியே இருக்காது, அந்தச் செய்தியே தூண்டிலாக இருக்கும்.

திரையில் உள்ள சொற்கள் எழுத்துக்கு எழுத்து என்ன என்பது இரண்டாவது. முகவரிப் பட்டையில் முதல் ஒற்றைச் சாய்கோட்டுக்கு முன்னால் என்ன பெயர் இருக்கிறது என்பது மூன்றாவது. சேவை எது என்பதையும் பக்கம் உண்மையானதா என்பதையும் இந்த மூன்றாவது கேள்வியே ஒருசேரச் சொல்லிவிடும்.

அவர் எழுதுவதற்குப் பதில் திரையைப் படம் பிடித்து அனுப்பினார். முகவரி சரியாக இருந்தது. அவரே உலாவியைத் திறந்து நுழைந்த பக்கம்தான். ஆனால் கடவுச்சொல் பெட்டியின் ஓரத்தில் உள்ள கண் குறி திறந்திருந்தது. சரியாகத் தட்டுகிறோமா என்று பார்ப்பதற்காக அவர் அதை அழுத்தி வைத்திருந்தார். கடவுச்சொல் முழுவதும் படத்தில் தெரிந்தது.

படத்தை எங்கள் பக்கம் அழித்தோம். அவர் பக்கமும் அழிக்கச் சொன்னோம். கடவுச்சொல் வெளியே போய்விட்டதாகவே கருத வேண்டும், இன்று இரவுக்குள் மாற்றிவிட வேண்டும் என்றும் சொன்னோம். "நீங்கள்தானே பார்த்தீர்கள் தம்பி, அதனால் என்ன?" என்று கேட்டார். பார்த்தவர் யார் என்பதோடு இது முடிவதில்லை. படம் அவர் கைபேசியின் படத்தொகுப்பிலும், அதன் தானியங்கிப் பிரதியிலும், எங்கள் செய்திப் பெட்டியிலும் ஒரே நேரத்தில் போய் உட்கார்ந்திருக்கும். எத்தனை இடத்தில் என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது.

## கவனித்தது

திரையில் இருந்த செய்தியின் சாரம் இது: பலமுறை தவறான முயற்சி நடந்ததால் கணக்கு தற்காலிகமாகப் பூட்டப்பட்டிருக்கிறது, சற்று நேரம் கழித்து முயலவும்.

"தற்காலிகமாக" என்ற சொல்தான் எங்களுக்கு வழி காட்டியது. மக்கள் "லாக்" என்ற ஒரே சொல்லால் குறிப்பவை உண்மையில் வெவ்வேறு நிலைகள். கடவுச்சொல் மறந்துபோவது ஒன்று. தவறான முயற்சிகள் மிகுந்து சேவை சிறிது நேரம் கதவை அடைப்பது இன்னொன்று. விதிமீறல் என்று சொல்லிச் சேவை கணக்கையே முடக்குவது மூன்றாவது. எண் மாறியதால் சரிபார்ப்புக் குறியீடு வராமல் போவது நான்காவது. முடக்கப்பட்ட கணக்கென்றால் எங்களால் ஒன்றும் செய்ய முடியாது, சேவையிடம் மேல்முறையீடு செய்வதுதான் வழி. இங்கே நடந்தது இரண்டாவது வகை, பொறுத்திருந்தால் தானாகத் திறப்பது.

ஆசிரியை அம்மாவிடம் அதைச் சொன்னபோது, இதுவரை சொல்லாத ஒன்றைச் சொன்னார். கணக்கு இதற்கு முன்பும் திறந்திருக்கிறது. காத்திருந்து கடவுச்சொல்லைப் போட்டால் உள்ளே போக முடிகிறது. வேலையை முடித்து வெளியேறி, பிறகு வந்தால் மறுபடி பூட்டியிருக்கிறது. நான்கு நாட்களாக இப்படி நடக்கிறது. அந்த நான்கு நாட்களுக்கு முன்னால் என்ன மாறியது என்று கேட்டோம். அறக்கட்டளையின் வரவுசெலவுக் கணக்குகளைப் பார்த்துவந்தவர் விலகியதால், அவருக்கும் தெரிந்திருந்த பழைய கடவுச்சொல்லை மாற்றியிருந்தார். அது சரியான செயல்தான்.

கடவுச்சொல் மாறிய நாளிலிருந்து, யாரும் தட்டாமலேயே திரும்பத் திரும்பப் பூட்டு விழுகிறது. இதற்கு இரண்டு விளக்கங்கள் இருக்க முடியும். வெளியாள் ஒருவர் கடவுச்சொல்லை ஊகித்துப் பார்க்கிறார். அல்லது பழைய கடவுச்சொல்லைச் சேமித்து வைத்த ஒரு கருவி, அது மாறியது தெரியாமல், அஞ்சல் வந்திருக்கிறதா என்று பார்க்கக் குறித்த இடைவெளியில் அதையே அனுப்பிக்கொண்டிருக்கிறது. இரண்டையும் பிரித்தறியச் சேவையின் நுழைவுப் பதிவைப் பார்க்க வேண்டும்.

அடுத்த முறை திறந்ததும் வெளியேறாமல், அமைப்புகளில் பாதுகாப்புப் பகுதிக்குப் போய், அண்மைய நுழைவு முயற்சிகளின் பட்டியலைப் படித்துச் சொல்லச் சொன்னோம். படம் வேண்டாம், நேரமும் கருவி வகையும் போதும் என்றோம். அவர் பொறுமையாக ஒவ்வொரு வரியையும் எழுதி அனுப்பினார்.

தவறிய முயற்சிகள் சரியாக 15 நிமிடத்துக்கு ஒன்றாக இருந்தன. மனிதர் தட்டினால் இடைவெளி இப்படி ஒரே அளவில் அமையாது. முயற்சி எந்த இணைய இணைப்பிலிருந்து வந்தது என்று காட்டும் ஐபி முகவரி, அவர் வீட்டிலிருந்து வெற்றிகரமாக நுழைந்தபோது பதிவான அதே முகவரி. ஊகித்துப் பார்க்கும் வெளியாள் என்றால் முகவரிகள் அந்நியமாக இருக்கும், பெரும்பாலும் மாறிக்கொண்டும் இருக்கும். கருவி வகை என்ற இடத்தில் உலாவிக்குப் பதில் அஞ்சல் செயலி என்று இருந்தது. அவர் நுழைந்தபின் ஐந்து தவறுகள், பிறகு பூட்டு. 15 நிமிடத்தை ஐந்தால் பெருக்கினால் ஒன்றேகால் மணி நேரம். திறந்தபின் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல்தான் தாக்குப்பிடிக்கிறது என்று அவர் சொன்னதோடு இது அப்படியே பொருந்தியது.

கடவுச்சொல்லை வாங்கிப் போட்டுப் பார்த்திருந்தால் இவற்றில் ஒன்றும் தெரிந்திருக்காது. அது தொடக்கத்திலிருந்தே சரியாகத்தான் இருந்தது.

## எடுத்த நடவடிக்கைகள்

வீட்டில் வேறு எந்தக் கருவியில் இந்த அஞ்சல் வந்துகொண்டிருந்தது என்று கேட்டோம். தன் கைபேசியையும் மடிக்கணினியையும் மட்டும் சொன்னார். இரண்டிலும் புதிய கடவுச்சொல் இருந்தது. "இப்போது பயன்படுத்தாவிட்டாலும், எப்போதாவது பயன்படுத்திய கருவி?" என்று கேள்வியை மாற்றினோம். பேரன் பாடம் பார்க்கும் பழைய டேப்லெட் நினைவுக்கு வந்தது. முன்பு அது அவருடையது. பேரன் அதில் அஞ்சலைத் திறப்பதே இல்லை. ஆனால் செயலி பின்னணியில் இயங்கிக்கொண்டிருந்தது.

இங்கே வரிசை முக்கியமாக இருந்தது. படத்தில் வெளிப்பட்ட கடவுச்சொல்லை மாற்றியாக வேண்டும். அதை முதலில் செய்தால், இப்போது சரியாக இருக்கும் கைபேசியும் பழைய கடவுச்சொல்லோடு தட்டத் தொடங்கி, டேப்லெட்டோடு சேர்ந்து பூட்டை இன்னும் விரைவாக விழவைக்கும். இருபடிச் சரிபார்ப்பு ஏற்கெனவே போட்டிருந்தார், எனவே கடவுச்சொல்லை மட்டும் வைத்துக்கொண்டு யாரும் உள்ளே போக முடியாது. அந்தத் துணிவில், முதலில் டேப்லெட்டிலிருந்து கணக்கை நீக்கவைத்தோம். செயலியை மூடினால் போதாது, கணக்கையே அதிலிருந்து எடுக்க வேண்டும். பிறகு அவருடைய கைபேசியிலேயே கடவுச்சொல்லை மாற்றி, எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேற்றும் தெரிவை அழுத்தி, கைபேசியிலும் மடிக்கணினியிலும் புதிதாக நுழைந்தார். புதிய கடவுச்சொல் என்ன, எத்தனை எழுத்து, பழையதிலிருந்து எப்படி வேறுபடுகிறது என்று எதையும் நாங்கள் கேட்கவில்லை. வேறு எங்கும் பயன்படுத்தாததாக இருக்கட்டும் என்று மட்டும் சொன்னோம்.

## மறுநாள் காலை

இரவு முழுவதும் தவறிய முயற்சி எதுவும் இல்லை. காலையில் மறுபடி பூட்டியது.

நாங்கள் பதில் எழுதுவதற்குள் அவர் பொறுக்க முடியாமல் அதே கேள்வியை வேறோர் இடத்திலும் கேட்டிருந்தார். சில நிமிடங்களில் அறிமுகமில்லாத ஒருவர் தனிச்செய்தி அனுப்பினார். தான் அந்தச் சேவையின் ஆள் என்றும், கைபேசிக்கு வரும் ஓடிபியை அனுப்பினால் ஐந்து நிமிடத்தில் திறந்து தருவதாகவும் எழுதியிருந்தார். அதற்கு அடுத்த நிமிடமே அம்மாவின் கைபேசிக்கு ஒரு குறியீடு வந்தது. அவர் எதையும் கோரியிருக்கவில்லை.

அதை எங்களுக்கு எழுதி, "கம்பெனிக்காரர் என்கிறாரே தம்பி. பாஸ்வேர்டைக் கேட்கவில்லை, நம்பரைத்தான் கேட்கிறார். கொடுக்கலாமா?" என்று கேட்டார்.

கொடுக்கக்கூடாது என்று எழுதிவிட்டு, காரணத்தையும் எழுதினோம். அந்த ஆள் மின்னஞ்சல் முகவரியை வைத்துக் "கடவுச்சொல் மறந்துவிட்டது" என்ற வழியைத் தொடங்கியிருக்க வேண்டும். அந்த வழியில் வரும் குறியீடு யார் கையில் இருக்கிறதோ அவர் பழைய கடவுச்சொல் தெரியாமலேயே புதியதை வைத்துவிடலாம். அப்போது அந்தக் குறியீடு கடவுச்சொல்லைவிட வலியது. கடவுச்சொல்லைக் கொடுக்க வேண்டாம் என்று நாம் சொல்லும்போது ஓடிபி, முன்பே அச்சிட்டு வைத்த மீட்புக் குறியீடுகள், பாதுகாப்புக் கேள்விகளின் விடைகள் எல்லாம் அதில் அடங்கும். முதல் நாளில் நாங்கள் கடவுச்சொல்லை மட்டும் சொல்லியிருந்தோம். அவர் தயங்கிக் கேட்டதால் தப்பியது.

பூட்டியதற்கான காரணம் பிறகு எளிதாகத் தெரிந்தது. பட்டியலில் புதிய முயற்சிகள் வேறோர் ஐபி முகவரியிலிருந்து, காலை 9 மணிக்குப் பிறகு, 10 நிமிட இடைவெளியில் வந்திருந்தன. அறக்கட்டளை அலுவலகக் கணினியின் அஞ்சல் மென்பொருள் அது. அலுவலகம் திறக்கும்போது கணினியும் திறக்கும், மென்பொருளும் தானாகத் தொடங்கும். நான்கு நாட்களாகப் பகலில் விழுந்த பூட்டுகளுக்கு அது காரணமாகவும், இரவில் விழுந்தவற்றுக்கு டேப்லெட் காரணமாகவும் இருந்திருக்கிறது. அலுவலகத்தில் இருந்தவர் அந்தக் கணினியிலிருந்து கணக்கை நீக்கியபின் பூட்டு விழவில்லை. கூட்டத்துக்கான தாள்கள் அன்று மாலையே எடுக்கப்பட்டன.

வெளிப்பட்ட கடவுச்சொல்லை வேறு இரண்டு இடங்களிலும் வைத்திருந்ததாகப் பிறகு சொன்னார். அவற்றையும் மாற்றிவிட்டார். தனிச்செய்தி அனுப்பியவரைத் தடைசெய்து, அந்த இடத்தின் நிர்வாகத்திடமும் புகார் செய்தார்.

## எங்கள் நடைமுறையில் மாறியவை

பூட்டிய கணக்கு என்று எழுதுகிறவருக்கு அனுப்பும் முதல் பதிலைத் திருத்தினோம். இப்போது அது இப்படி இருக்கிறது:

"கடவுச்சொல், ஓடிபி, மீட்புக் குறியீடு, பாதுகாப்புக் கேள்வியின் விடை எதையும் எங்களுக்கு அனுப்ப வேண்டாம். அவை இல்லாமலேயே உதவ முடியும். அவற்றைக் கேட்டு வேறு யாராவது எழுதினால், எங்கள் பெயரைச் சொன்னாலும் கொடுக்க வேண்டாம். எந்தச் சேவை, செய்தியை எங்கே பார்த்தீர்கள், அதில் உள்ள சொற்கள் என்ன என்று தட்டச்சு செய்து அனுப்புங்கள். படம் அனுப்புவதானால் கடவுச்சொல் பெட்டியைக் காலியாக்கிவிட்டு எடுங்கள். கடைசியாகக் கடவுச்சொல்லை எப்போது மாற்றினீர்கள்?"

கடைசிக் கேள்விதான் இந்த நிகழ்விலிருந்து நேரடியாக வந்தது. அண்மையில் மாற்றியிருந்தால், கேட்பவரின் எல்லாக் கருவிகளையும், பிறரிடம் கொடுத்துவிட்டவை உட்பட, ஒரு தாளில் எழுதச் சொல்கிறோம். நுழைவுப் பதிவைப் படிக்கச் சொல்லும்போது ஒரு மாலைப் பொழுதோடு நிறுத்தாமல் முழுதாக ஒரு பகலும் இரவும் கேட்கிறோம். அப்படிக் கேட்டிருந்தால் அலுவலகக் கணினி முதல் நாளிலேயே தெரிந்திருக்கும்.

ஒன்று இன்னும் முடியவில்லை. அந்த அஞ்சல் பெட்டியை அறக்கட்டளையில் மூவர் ஒரே கடவுச்சொல்லில் பயன்படுத்தி வந்திருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கு, பொதுப் பெட்டிக்கு அனுமதி மட்டும் என்று அமைத்தால், ஒருவர் விலகும்போது அவர் அனுமதியை எடுத்தால் போதும், மற்றவர்கள் கடவுச்சொல்லைத் தொட வேண்டியதில்லை. அதற்கான படிகளை எழுதிக் கொடுத்திருக்கிறோம். கூட்டம் முடிந்தபின் செய்வதாகச் சொல்லியிருக்கிறார், அதுவரை அலுவலகக் கணினியில் அந்த அஞ்சல் கணக்கு சேர்க்கப்படாமலேயே இருக்கும்.